பல் ஜெல் டியூபின் பின்பக்கம்

ஆறேழு மாதத்துக் குழந்தை எச்சில் ஒழுக, கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைத்துக் கடிக்கும். இரவு தூங்காமல் சிணுங்கும். வீட்டில் யாராவது ஒருவர் மருந்துக்கடைக்குப் போய், "பல் முளைக்குது, ஈறுல தடவ ஏதாவது குடுங்க" என்று கேட்பார். பத்து கிராம் டியூப் ஒன்று கைக்கு வரும். வாய்ப்புண்ணுக்குப் பெரியவர்கள் தடவும் அதே ஜெல்தான் பல நேரங்களில் குழந்தையின் ஈறுக்கும் போகிறது.

அந்த டியூபைத் திருப்பினால் பொடி எழுத்தில் கம்போசிஷன் என்றொரு பகுதி இருக்கும். இந்தியக் கடைகளில் கிடைக்கும் பல ஜெல்களில் அங்கே முதலில் வரும் பெயர் கோலின் சாலிசிலேட், 8.7 சதவீதம். அடுத்து 0.01 சதவீதம் அளவில் பென்சல்கோனியம் குளோரைடு. இது கிருமிநாசினி. சிலவற்றில் மூன்றாவதாக லிக்னோகைன் 2 சதவீதம் சேர்ந்திருக்கும்.

கோலின் சாலிசிலேட் ஆஸ்பிரினின் நெருங்கிய உறவு. இரண்டும் உடலுக்குள் சாலிசிலேட்டாகவே மாறுகின்றன. 8.7 சதவீதம் என்றால் ஒரு கிராம் ஜெல்லில் 87 மில்லிகிராம் மருந்து. ஏழு கிலோ எடையுள்ள குழந்தைக்குப் பட்டாணி அளவு, அதாவது சுமார் கால் கிராம், ஒரு நாளில் ஆறு முறை தடவுவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் ஒன்றரை கிராம். வாயில் தடவியது எச்சிலோடு வயிற்றுக்குள் போய்விடுவதால் அதிலுள்ள சாலிசிலேட் முழுவதும் உள்ளே சேர்ந்துவிடும். இதய நோயாளிகள் தினமும் போடும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரை ஒன்றில் இருப்பதைவிட அது சற்று அதிகம். அந்த மாத்திரையைக் கைக்குழந்தைக்குக் கொடுக்க எந்தத் தாயும் சம்மதிக்கமாட்டாள். ஜெல்லாக வரும்போது மட்டும் அது மருந்தாகவே தோன்றுவதில்லை.

ஆஸ்பிரினைக் குழந்தைகளிடமிருந்து விலக்கியதற்கு ரேய் நோய்க்குறி காரணம். ஃப்ளூ, சின்னம்மை போன்ற வைரஸ் தொற்றின்போது ஆஸ்பிரின் கொடுக்கப்பட்ட பிள்ளைகளில் சிலருக்கு ஈரல் பழுதாகி, மூளை வீங்கி, உயிர் போகும் நிலை வந்தது. அமெரிக்காவில் 1980-ஐ ஒட்டிய ஓராண்டில் மட்டும் 555 பேருக்கு இந்த நோய் பதிவானது. ஆஸ்பிரின் கொடுக்கக்கூடாது என்ற எச்சரிக்கை பரவியதும் எண்ணிக்கை சரிந்து, 1987-க்குப் பிறகு ஆண்டுக்கு 36-ஐத் தாண்டவில்லை. ஈறில் தடவும் ஜெல்லுக்கும் அதே ஆபத்து உண்டு என்று உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. ஆனால் சேர்மம் ஒரே இனம் என்பதால் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009-இல், கோலின் சாலிசிலேட் உள்ள வாய் ஜெல்களை 16 வயதுக்குக் கீழ் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்தது. மிகையான எச்சரிக்கை என்று இதைத் தள்ளிவிட முடியாது. வலி பல்லால் வந்தது. ஆனால் பணயம் வைக்கப்படுவது ஈரலும் மூளையும்.

நம் வீடுகளில் இந்த ஆபத்து கூடுவதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. "பல்லு காய்ச்சல்தான், தானா போயிடும்" என்பது பாட்டிமார் வாக்கு. பல் முளைக்கும்போது உடல் சூடு லேசாக ஏறலாம். 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிய காய்ச்சல் பல்லால் வருவதில்லை என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட காய்ச்சல் பெரும்பாலும் வைரஸ் தொற்று. ஆக, சாலிசிலேட்டை எந்த நேரத்தில் தொடவே கூடாதோ அந்த நேரத்தில்தான் ஜெல் அதிகமாகத் தடவப்படுகிறது.

அடுத்தது லிக்னோகைன். வெளிநாட்டு டியூப்களில் இதையே லிடோகைன் என்று அச்சிட்டிருப்பார்கள். பல் பிடுங்கும் முன் ஊசியில் ஏற்றப்படும் மரத்துப்போகச் செய்யும் மருந்து இது. ஊசியாகக் கொடுக்கும்போதே உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 4.5 மில்லிகிராம்தான் வழக்கமான உச்ச வரம்பு. ஏழு கிலோ குழந்தைக்கு அது 31 மில்லிகிராம். 2 சதவீத ஜெல் ஒன்றரை கிராமில் 30 மில்லிகிராம் இருக்கிறது! ஒரு நாளில் பரவலாகத் தடவினால் உடல் அதைச் சமாளிக்கலாம். அழுகை நிற்கவில்லை என்று ஒரே இரவில் திரும்பத் திரும்பத் தடவினால் கணக்கு மாறிவிடும். அளவு மீறினால் நடுக்கம், வாந்தி, அளவுமீறிய தூக்கம், வலிப்பு வரும், இதயமும் பாதிக்கப்படும். தொண்டை மரத்துவிட்டால் பால் புரையேறும். திரவமாக வரும் 2 சதவீத லிடோகைனை விழுங்கிய குழந்தைகளில் உயிரிழப்பு உட்பட 22 கடும் பாதிப்புகளை ஆராய்ந்த அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், பல் முளைக்கும் வலிக்கு அதைக் கொடுக்கக்கூடாது என்ற கட்டம் கட்டிய எச்சரிக்கையை 2014-இல் பாட்டிலில் அச்சிட வைத்தது.

மூன்றாவது பெயர் பென்சோகைன். இது பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் வாங்கிவரும் பெட்டிக்குள் இருக்கும். இதன் தீங்கு ரத்தத்தில் நடக்கிறது. ஹீமோகுளோபினில் உள்ள இரும்பை வேறு நிலைக்கு மாற்றிவிடுவதால் அதால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகிறது. பெரியவர்களின் ரத்தத்தில் இதைத் திரும்பச் சரிசெய்யும் நொதி போதிய அளவு உண்டு. பிறந்து சில மாதங்களே ஆன குழந்தையிடம் அது குறைவு. அதனால்தான் வயது குறையக் குறைய ஆபத்து கூடுகிறது. முதல் முறை தடவியபோதே இது நேர்ந்ததுண்டு. அமெரிக்காவில் 1971 முதல் இத்தகைய 400-க்கும் மேற்பட்ட பாதிப்புகள் பதிவான பின், 2018 மே மாதம், இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கான பென்சோகைன் பல் ஜெல்களை விற்பனையிலிருந்து நீக்கும்படி நிறுவனங்களுக்குச் சொல்லப்பட்டது.

"இயற்கை" என்று முகப்பில் போட்டிருந்தாலும் பின்பக்கத்தைப் படித்தே ஆக வேண்டும். ஹோமியோபதிப் பல் மாத்திரைகள் சிலவற்றில் பெல்லடோனா என்ற நச்சுச்செடியின் சாறு சேர்க்கப்பட்டிருந்தது. 2017-இல் அமெரிக்க ஆய்வகச் சோதனையில் மாத்திரைக்கு மாத்திரை அளவு மாறியதும், சிலவற்றில் லேபிளில் உள்ளதைவிட மிகவும் கூடியிருந்ததும் தெரியவந்தது.

இத்தனைக்கும் ஜெல்லின் பலன் சொற்பம். சில நிமிடங்களில் எச்சில் அதைக் கழுவிவிடும். சோப்பு போட்டுக் கழுவிய விரலால் ஈறை மெல்ல அழுத்தித் தேய்ப்பதும், குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துக் குளிர்ந்த கெட்டியான ரப்பர் வளையத்தைக் கடிக்கக் கொடுப்பதும் பெரும்பாலும் போதும். ஃப்ரீஸரில் உறைந்த வளையம் ஈறைப் புண்ணாக்கும். வலி தாங்காத இரவுக்குப் பாராசிட்டமால் சொட்டு மருந்து உண்டு. குழந்தையின் எடையைப் பார்த்து மருத்துவர்தான் அளவு சொல்ல வேண்டும்.

ஏற்கெனவே தடவிவிட்ட வீட்டில் பதற்றம் வேண்டாம். நிறுத்திவிட்டுக் கவனித்தால் போதும். உதடும் நாக்கும் நகமும் சாம்பல் அல்லது நீலம் பூத்தால், மூச்சு வேகமெடுத்தால், வாந்தி நிற்காமல் குழந்தை துவண்டால், வலிப்பு வந்தால் காத்திருக்கக் கூடாது. மாநிறக் குழந்தைகளுக்குத் தோலில் நிறமாற்றம் எளிதில் தெரியாது. வாய்க்குள்தான் பார்க்க வேண்டும். மருத்துவமனைக்கு ஓடும்போது அந்த டியூபையும் எடுத்துப் போக வேண்டும். பென்சோகைன் பாதிப்பில் விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி சரியான அளவைக் காட்டாது, தனி ரத்தப் பரிசோதனை தேவை. மாற்று மருந்தும் வேறு. சாலிசிலேட் என்றால் பார்க்க வேண்டிய சோதனைகளே மாறும். எதைத் தேடுவது என்பதை மருத்துவருக்கு அந்தப் பொடி எழுத்து உடனே சொல்லிவிடும்.