சதுரகிரி ஏறும் முன் வனத்துறைக்கு ஒரு கடிதம்

‘பக்தர்களின் நலன் கருதி தக்க பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.’ மலைக்கோயிலுக்குப் போகும் குழுக்கள் வனத்துறைக்கு எழுதும் கடிதங்கள் பெரும்பாலும் இப்படித்தான் முடிகின்றன. பணிவுக்குக் குறைவில்லை. ஆனால் படிக்கிற அதிகாரி எந்த இடத்தில், எந்த நாளில், என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் அதில் இருக்காது. எதையும் குறிப்பாகக் கேட்காத கடிதத்துக்கு எதையும் செய்யாமலே பதில் போட்டுவிடலாம்.

சதுரகிரியையே எடுத்துக்கொள்வோம். விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பை அடுத்த தாணிப்பாறையில் தொடங்கி சுந்தரமகாலிங்கம் சந்நிதி வரை போகும் மலைப்பாதை. நடுத்தர வேகத்தில் ஏற நான்கு, ஐந்து மணி நேரம் பிடிக்கும். கோயில் அறநிலையத்துறையுடையது, நடக்கும் காடு வனத்துறையுடையது. 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்தக் காடு, 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமானது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைய முடியாது. எதற்கெல்லாம் அனுமதி தரலாம் என்று அதே சட்டம் ஒரு பட்டியல் தருகிறது. ஆய்வு, புகைப்படம், சுற்றுலா எல்லாம் உண்டு; வழிபாடு இல்லை. அதனால்தான் எந்தெந்த நாளில் ஏறலாம், எத்தனை மணி வரை விடுவார்கள் என்பவை நீதிமன்ற உத்தரவுகளையும் மழையையும் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கின்றன. போன வருடம் விட்டார்களே என்று வாதாடிப் பயனில்லை. அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொண்டுதான் எழுதவே உட்கார வேண்டும்.

கடிதத்தைக் காப்பகத்தின் துணை இயக்குநருக்கு எழுதுவது முறை. அவர் அலுவலகத்துத் தபால் பிரிவில் கொடுத்து, கையிலிருக்கும் நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அதன்பின் கடிதம் அங்கேயே நிற்பதில்லை. அறிக்கை கேட்டு வனச்சரகருக்கு இறங்கும். அவர் வனவரையும் வனக்காப்பாளரையும் கேட்பார். பிறகு அதே படிகளில் மேலேறும். இரண்டு மூன்று வாரம் முன்னதாகக் கொடுக்கச் சொல்வது இந்த ஏற்ற இறக்கத்துக்காகத்தான். ஆகவே முகவரியில் இருப்பது உயர் அதிகாரியின் பதவி என்றாலும், உங்கள் கடிதத்தை உண்மையில் எடைபோடுகிறவர் தாணிப்பாறையில் பைகளைச் சோதிக்கும் வனக்காப்பாளர். அவருக்குத் தெரிய வேண்டியது எண்ணிக்கை, நேரம், பொறுப்பாளர் ஆகிய மூன்றும்தான். மலையின் மகிமையை அவருக்கு நீங்கள் விளக்க வேண்டியதில்லை.

ஒரு குழுவைக் கற்பனை செய்துகொள்வோம். 42 பேர், அதில் அறுபதைத் தாண்டியவர்கள் ஏழு பேர், பத்து வயதுக்குட்பட்டவர்கள் மூன்று பேர். ‘காலையில் ஏறி மாலையில் இறங்குவோம்’ என்று எழுதினால் போதாது. குழுவின் வேகம் என்பது அதில் மெதுவாக நடப்பவரின் வேகம். அவருக்கு ஏற ஐந்தரை மணி நேரம், தரிசனத்துக்கும் ஓய்வுக்கும் ஒன்றரை, இறங்க நான்கு என்று வைத்தால் மொத்தம் பதினொரு மணி நேரம். ஆறு மணிக்குக் கிளம்பினால் மாலை ஐந்துக்குத் தாணிப்பாறை. ஒன்பதுக்குக் கிளம்பினால் இரவு எட்டு. யானையும் கரடியும் நடமாடும் காட்டில் கடைசி மூன்று கிலோமீட்டரை டார்ச் வெளிச்சத்தில் முதியவர்களோடு இறங்குவது என்ன வேலை என்பது காவலருக்குத் தெரியும். இந்தக் கணக்கைக் கடிதத்திலேயே போட்டுக்காட்டி, ‘பகல் பன்னிரண்டுக்குள் கோயிலை எட்டாதவர்கள் இருக்கும் இடத்திலிருந்தே திரும்புவார்கள்’ என்று ஒரு வரி சேர்த்தால், நேரத்தைப் பற்றி அவர் கேட்கவிருந்த கேள்விக்கு முன்பே பதில் வந்துவிடும்.

அடுத்தது ஓடைகள். இந்தப் பாதையில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் விலங்கு அல்ல, தண்ணீர். 2015 மே மாதம் திடீர் வெள்ளத்தில் சிக்கிப் பக்தர்கள் பலர் இங்கே இறந்தார்கள். மாங்கனி ஓடை, வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை, பிலாவடி கருப்பசாமி கோயில் ஓடை என்று வழியில் நீர் குறுக்கிடும் இடங்கள் பல. மழை பெய்வது மேலே, முகட்டுச் சரிவில். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். செங்குத்தான பாறைச் சரிவில் விழுந்த நீரை உறிஞ்ச மண் போதாது. அத்தனையும் ஒரே ஓடையில் இறங்கும். முழங்கால் அளவு தண்ணீர் கொஞ்ச நேரத்தில் இடுப்புக்கு வந்துவிடும். தெளிந்த நீர் திடீரென்று கலங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, மேலே பாறை உருளும் ஓசை ஆகிய மூன்றில் ஒன்று தெரிந்தாலும் கரையிலேயே நின்றுவிட வேண்டும். அக்கரையில் பாதிப் பேர் நின்றாலும் சரி, சேர்ந்துகொள்ள இறங்கக் கூடாது. மழை விட்டால் சில மணி நேரத்தில் நீர் வடிந்துவிடும்.

ஆகவே கடிதத்தின் பாதுகாப்புப் பத்தி இப்படி இருக்கட்டும்:

‘மாங்கனி ஓடை, சங்கிலிப்பாறை, பிலாவடி ஆகிய மூன்று இடங்களிலும் மேற்படி தேதியில் காலை 6 முதல் மாலை 5 வரை கயிறு கட்டி, வனப் பணியாளர் ஒருவரை நிறுத்தித்தர வேண்டுகிறோம். நீர்வரத்து கூடினால் அவர் சொல்லும் கரையிலேயே நிற்போம். எங்கள் தரப்பில் கோடைக்கு ஒருவராகத் தலை எண்ண ஆள் வைக்கிறோம். பெயர்களும் கைபேசி எண்களும் இணைப்பில்.’

கேட்பதும் கொடுப்பதும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைக் கவனியுங்கள். அடுப்பு மூட்டமாட்டோம், வழியில் சூடம் கொளுத்தமாட்டோம், பிளாஸ்டிக் பைகளும் பீடி, தீப்பெட்டியும் சாவடிக்கு அப்பால் வராது, சாப்பாட்டைக் கீழேயே கட்டிக்கொண்டு வருகிறோம் என்ற உறுதிமொழிகளும் இதே பத்தியைத் தொடர்ந்து வரலாம். நாற்பது பேருக்குத் தனியாக ஆள் போட வனத்துறையால் முடியாமல் போகலாம். அப்படியானால் வேட்டைத் தடுப்புக் காவலரையாவது, மலையை அறிந்த அடிவாரத்துப் பளியர் சமூகத்து ஆட்களில் ஒருவரையாவது உரிய கூலிக்கு உடன் அழைத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். எந்த மேட்டில் நின்றால் நீர் எட்டாது என்பது அவர்களுக்குத்தான் அத்துபடி.

வனத்துறையிடம் கேட்கக் கூடாதவையும் உண்டு. ஆம்புலன்ஸ் அவர்களுடையது அல்ல. எப்படியும் தாணிப்பாறையைத் தாண்டி ஒரு வண்டியும் மேலே ஏறாது. நடுவழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை டோலியில் தோள்மாற்றிச் சுமந்துதான் கொண்டுவர முடியும், அதற்கே மணிக்கணக்காகும். இதய நோய், மூச்சிரைப்பு உள்ளவர்களைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவதுதான் இங்கே இருக்கிற ஒரே நல்ல சிகிச்சை. மருத்துவ முகாமுக்குச் சுகாதாரத்துறை, கோயிலில் குடிநீருக்கும் நிழலுக்கும் செயல் அலுவலர், அடிவாரக் கூட்டத்துக்கு வத்திராயிருப்பு காவல் நிலையம் என்று நகல்கள் போகட்டும். நகல் யாருக்கெல்லாம் போயிருக்கிறது என்பதைக் கடிதத்தின் அடியில் எழுதிவைத்தால், இது எங்கள் வேலையல்ல என்று ஒருவர் இன்னொருவரைக் காட்டுவது கொஞ்சம் குறையும். ஆடி அமாவாசை போன்ற பெருங்கூட்ட நாளில் தனிக்குழுவுக்கென எதையும் எதிர்பார்க்க முடியாது. அன்று எல்லா ஏற்பாடும் மாவட்ட நிர்வாகத்தின் கையில். அமைதியாகச் சாமி பார்க்க விரும்புகிறவர்கள் வேறு நாளைக் குறித்துக்கொள்வது உத்தமம்.

கடைசியாக, பொருள் வரிக்குக் கீழேயே மாற்றுத் தேதி ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். கையில் அனுமதிக் கடிதம் இருந்தாலும், முந்தைய இரவு முகட்டில் மழை பெய்திருந்தால் காலையில் கதவைத் திறக்கமாட்டார்கள். அப்போது வேனில் வந்த 42 பேரும் காவலரைச் சுற்றி நின்று சத்தம் போடுவது வழக்கம். மாற்றுத் தேதியும் அதே கடிதத்தில் இருந்தால், மறுபடி தபால் பிரிவிலிருந்து தொடங்காமல், வனச்சரகரின் ஒப்புதலோடு அந்த நாளுக்கே போய்வரக் கேட்கலாம்.