தாமிரக் கம்பியும் சில்லின் வேகமும்

சிங்கப்பூரின் உட்லண்ட்சில் உள்ளவை போன்ற சில்லு ஆலைகள், டிரான்சிஸ்டர்களை இணைக்கும் தாமிரக் கம்பிகளை அவற்றின்மேல் அடுக்கடுக்காக அமைக்கின்றன. மின்தடை குறைவு என்பதால், அலுமினியத்தை விடுத்துத் தாமிரத்துக்கு மாறுவதாக 1997இல் ஐபிஎம் அறிவித்தது. ஆயினும் இன்று வேகத்துக்கு எல்லை வகுப்பது கம்பியே.

டிரான்சிஸ்டர் சிறுத்தால் விரைவு கூடும். கம்பி மெலிந்தால் தாமதம் கூடும். 1 மில்லிமீட்டர் நீளமும் 100 நானோமீட்டர் அகலமும் 200 நானோமீட்டர் உயரமும் உள்ள தாமிரக் கம்பியின் மின்தடை ஏறத்தாழ 850 ஓம். அண்டைக் கம்பிகளோடு சேர்ந்து அது கொள்ளும் மின்தேக்கம் சுமார் 0.2 பிக்கோஃபாரடு. இவற்றின் பெருக்கற்பலன் 170 பிக்கோவிநாடி. இரண்டும் கம்பி நெடுகப் பரவியிருப்பதால், தாமதம் அதில் ஏறத்தாழப் பாதி, அதாவது 85.

அகலம், உயரம், இடைவெளி மூன்றையும் பாதியாக்கினால் மின்தேக்கம் மாறாது. மின்தடையோ நான்கு மடங்காகும். தாமதம் 340 ஆகிவிடும். 3 கிகாஹெர்ட்ஸ் சில்லின் ஒரு துடிப்பே 333 பிக்கோவிநாடிதான். மெலிந்த கம்பியின் பக்கங்களில் எலெக்ட்ரான்கள் மோதிச் சிதறுவதால் உண்மைத் தாமதம் இதனினும் மிகும்.

தாமதம் நீளத்தின் இருமடியாக வளர்வதால், கம்பியை இரண்டாகப் பிரித்து இடையே ஒரு பெருக்கியை வைப்பர். ஒவ்வொரு துண்டின் தாமதமும் கால்பங்கு; மொத்தம் பாதி. ஆனால் பெருக்கியும் மின்னாற்றலைச் செலவிட்டு, தன் பங்குக்குச் சிறிது தாமதத்தையும் சேர்க்கும்.