540 ரூபாய் எங்கே போனது?

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் சாலையில் சாணார்பட்டி, கோபால்பட்டி என்று வரிசையாக ஊர்கள். ஊருக்கு நாலைந்து பெட்டிக்கடை, இரண்டு மளிகைக்கடை, பஸ் நிறுத்தத்தில் ஒரு டீக்கடை. இந்தக் கடைகளுக்கு பிஸ்கட்டும் சிப்ஸும் கேக்கும் கொண்டுபோகிற ஏஜென்சி வேன்களில் பல 'ரெடி ஸ்டாக்' முறையில் ஓடுகின்றன. முதல்நாள் ஆர்டர் எடுத்து மறுநாள் சரக்கு அனுப்புகிற பழக்கம் இதில் கிடையாது. கடைக்காரர் கேட்டதை அப்போதே வேனிலிருந்து எடுத்துக் கொடுத்து, பில் போட்டு, பணமோ கடனோ முடித்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

ஆகவே காலையில் ஏற்றும் சரக்கு எந்தக் கடைக்குப் போகப்போகிறது என்று ஏற்றும்போது யாருக்கும் தெரியாது. அதற்கு முன்கூட்டியே பில் போடவும் முடியாது. ஜிஎஸ்டி விதிகளில் இதற்கு இடம் இருக்கிறது. விதி 55-இன்படி சரக்கை டெலிவரி சலானில் வெளியே கொண்டுபோய், விற்கிற இடத்தில் பில் போட்டுக்கொள்ளலாம். தமிழ்நாட்டுக்குள் வேனில் இருக்கும் சரக்கின் மதிப்பு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் இ-வே பில் வேண்டும். அதனால் அந்த வரம்புக்குள் நிற்கும்படி லோடு போடுகிற முதலாளிகளும் உண்டு.

காலை எட்டு மணிக்கு குடோனில் லோடு ஷீட் தயாராகும். நேற்று வேனில் மிஞ்சியது, இன்று ஏற்றுவது, இரண்டும் சேர்ந்த மொத்தம் என்று ஒவ்வொரு அயிட்டத்துக்கும் மூன்று எண்கள். சேல்ஸ்மேன் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவசரத்தில் பலர் பெட்டியை மட்டும் எண்ணி, உள்ளே பிரித்திருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். இரவில் வரும் வம்புகளில் ஒரு பகுதி இங்கேயே வேனில் ஏறிவிடுகிறது. கையெழுத்து விழுந்த நொடியிலிருந்து அந்தச் சரக்குக்கு அவர்தான் பொறுப்பு.

இரவு எட்டு மணிக்கு மேல் வேன் திரும்பும்போது இரண்டு கணக்குகள் முடிய வேண்டும், ஒன்று சரக்குக்கு, இன்னொன்று பணத்துக்கு. சரக்குக் கணக்கை முதலில் முடிப்பதுதான் சரி. அதிலும் எண்ணுகிறவர் கையில் 'இவ்வளவு இருக்க வேண்டும்' என்கிற சீட்டு இருக்கவே கூடாது. 90 இருக்க வேண்டும் என்று தெரிந்தவருக்கு 88 கண்ணில் பட்டாலும் வாயில் 90 என்றுதான் வரும். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. நாள் முழுக்க வெயிலில் அலைந்துவிட்டு வந்தவரின் அசதி அது. எண்ணியதை ஒரு தாளில் எழுதி வைத்த பிறகு கணினியில் வரும் இருப்போடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு நாளை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஆரஞ்சு கிரீம் பிஸ்கட், நேற்றைய மிச்சம் 84, காலையில் ஏற்றியது 240, மொத்தம் 324 பாக்கெட். பன்னிரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்று கம்பெனி ஆஃபர் ஓடுகிறது. பில்களின்படி விற்றது 216, அதற்கான இலவசம் 18. மிச்சம் 90 இருக்க வேண்டும். வேனில் இருப்பதோ 77. பதின்மூன்று பாக்கெட் குறைகிறது.

பழகிய கணக்காளருக்கு இந்தப் பதின்மூன்று என்கிற எண்ணே பாதி விடையைச் சொல்லிவிடும். ஒரு டஜனும் அதன் இலவசமும் சேர்ந்தால் பதின்மூன்று. அப்படியானால் ஒரு முழு விற்பனை தவறிப்போயிருக்கிறது என்று அர்த்தம். உடனே அவர் பக்கத்து அயிட்டத்தைப் பார்ப்பார். சாக்லேட் கிரீம் 52 இருக்க வேண்டிய இடத்தில் 65 இருக்கிறது, அதே பதின்மூன்று அதிகம். ஏதோ ஒரு கடையில் ஆரஞ்சைக் கொடுத்துவிட்டு பில்லில் சாக்லேட் என்று தட்டியிருக்கிறார்கள். இரண்டும் ஒரே விலை என்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. பில்லைத் திருத்தினால் போதும்.

ஒரே பிஸ்கட் இரண்டு விலையில் வேனில் இருந்தால் இவ்வளவு சுலபமாக முடியாது. 2025 செப்டம்பர் 22-இல் பிஸ்கட், சோப்பு, ஷாம்பூ போன்றவற்றின் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அது போன்ற மாற்றங்களின்போது பழைய விலைப் பெட்டியும் புதிய விலைப் பெட்டியும் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருக்கும். அட்டை ஒன்று, நிறம் ஒன்று, அச்சிட்ட எண் மட்டும் வேறு. எண்ணிக்கையில் மொத்தம் சரியாக இருக்கும், பணத்தில் மட்டும் இடிக்கும். அந்த மாதிரி நாட்களில் ஒவ்வொரு விலையையும் தனித்தனி அயிட்டமாக எண்ணுவதைத் தவிர வேறு வழி இல்லை.

இதற்கு நடுவே திரும்பி வந்த சரக்கு. இது காலை லோடு ஷீட்டில் இல்லாத சரக்கு என்பதால் கணக்கைக் குழப்புவதில் இதற்கு இணை கிடையாது. கடைக்காரர் விற்காமல் திருப்பிய நல்ல பாக்கெட் வேன் ஸ்டாக்கில் சேரலாம். நொறுங்கியதும், எலி கடித்ததும், தேதி முடிந்ததும் சேரக் கூடாது. அவற்றுக்குத் தனி டிரே வைத்து, கடையின் பெயர், பேட்ச், விலை எழுதி இறக்க வேண்டும். பின்னால் கம்பெனி ஆள் வந்து பார்த்து எண்ணிய பிறகுதான் அதற்கான கிளைம் நகரும். எழுதாமல் விட்ட டேமேஜ் ஏஜென்சி தலையில்தான் விடியும். இன்னொரு வில்லங்கமும் உண்டு. திரும்பி வந்த நல்ல பாக்கெட்டைப் பதியாமல் ரேக்கில் வைத்துவிட்டால், வேறு எங்கோ விழுந்த குறைவை அது மூடிவிடும். கணக்கு நேராக நிற்பது போலத் தெரியும், உண்மையில் இரண்டு பிழைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருக்கும்.

சரக்கு முடிந்தால் பணம். அதே நாளில் போட்ட பில்கள் மொத்தம் 38,460 ரூபாய். பழைய பாக்கி வசூல் 6,200. இரண்டும் சேர்ந்து 44,660. இதில் இன்று கடனாக விட்டது 9,750, ரிட்டர்னுக்குக் கழித்தது 410, ஏஜென்சியின் க்யூஆர் கோடில் விழுந்தது 11,300. இவற்றைக் கழித்தால் பையில் 23,200 ரூபாய் ரொக்கம் இருக்க வேண்டும். நோட்டு வாரியாகப் பிரித்து எண்ணுகிறார்கள். பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மறுக்கும் கடைகள் தமிழ்நாட்டில் இன்னும் இருப்பதால், செல்லும் என்று ரிசர்வ் வங்கி பலமுறை சொன்ன அந்த நாணயங்கள் சேல்ஸ்மேன் பையிலேயே குவிகின்றன. அவற்றையும் சேர்த்து எண்ணி முடித்தால் 22,660. குறைவு 540.

அடுத்து நடப்பதைப் பொறுத்துத்தான் ஓர் ஏஜென்சியின் தரம் தெரியும். சில இடங்களில், "ஷார்ட் 540, சம்பளத்துல பிடிச்சுக்கலாம்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அது பெரிய தவறு. 540-ஐ ஒன்பதால் வகுத்தால் மீதமில்லாமல் 60 வருகிறது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டால் வரும் வித்தியாசம் எப்போதுமே ஒன்பதால் வகுபடும். வகுபட்டாலே அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது, ஆனால் முதலில் தேட வேண்டிய இடம் அது. பாக்கி வசூல் தாளைப் புரட்டினால் சாணார்பட்டிக் கடை ஒன்றுக்கு எதிரே 1,820 என்று இருக்கிறது.

"தம்பி, இந்தக் கடையில எவ்வளவு வாங்குன?"

"ஆயிரத்து இருநூத்தி எம்பதுண்ணே. பழைய பில்லு அவ்வளவுதான?"

லெட்ஜரில் அந்தக் கடையின் பாக்கி 1,280 தான். எட்டும் இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. அதைத் திருத்தினால் வசூல் 5,660 ஆகிறது, இருக்க வேண்டிய ரொக்கம் 22,660 ஆகிறது. பையில் இருப்பதும் அதுவே. யாரும் ஒரு ரூபாய் எடுக்கவில்லை. இதேபோல, வித்தியாசம் 820 என்று வந்திருந்தால் அதன் பாதி 410 என்பது கண்ணில் பட வேண்டும். கழிக்க வேண்டிய ரிட்டர்னைக் கூட்டியிருப்பார்கள்.

இந்த விசாரணை அன்றைக்கே நடக்க வேண்டும் என்பதுதான் முழு விஷயமும். சில ஏஜென்சிகளில் வேனை இறக்காமல் பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, சரக்கைச் சனிக்கிழமை சேர்த்து எண்ணுகிறார்கள். நேரம் மிச்சமாகிறது என்பது உண்மை. ஆனால் சனிக்கிழமை பதின்மூன்று பாக்கெட் குறைந்தால், அது இருநூறு பில்களில் எதில் விழுந்தது என்று யார் சொல்ல முடியும்? அன்று இரவு கேட்டால் சேல்ஸ்மேனுக்கு ஒவ்வொரு கடையும் நினைவிருக்கும். கடைக்காரருக்கு போன் போட்டால் அவரும் அடுக்கிய சரக்கைப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

பணம் அதிகமாக வந்தாலும் இதே அக்கறை வேண்டும். பலர் அதைப் பார்த்து நிம்மதியாகி விடுகிறார்கள். நியாயமாகப் பார்த்தால் குறைவைவிட இதுதான் கவலை தர வேண்டியது. ஏதோ ஒரு கடைக்காரர் கொடுத்த பாக்கி அவர் பெயரில் பதியாமல் இருக்கலாம், மீதி கொடுக்காமல் வந்திருக்கலாம். அடுத்த வாரம் அந்தக் கடையில் சண்டை நிச்சயம்.

உண்மையான கையாடலும் இருக்கிறது. அதன் வழக்கமான வடிவம் உருட்டல். ஒரு கடையில் வாங்கிய 2,000 பாக்கியைச் சேல்ஸ்மேன் பதியாமல் சொந்தச் செலவுக்கு எடுத்துக்கொள்கிறார். மறுநாள் வேறொரு கடையில் வாங்கியதை இந்தக் கடையின் பெயரில் கட்டுகிறார். அந்தக் கடைக்கு மூன்றாவது கடைப் பணம். ஒவ்வொரு இரவும் பில் மொத்தமும் ரொக்கமும் சரியாகவே இருக்கும், எந்த எண்ணும் காட்டிக்கொடுக்காது. காட்டிக்கொடுப்பது பாக்கிப் பட்டியல்தான். பழைய பில்லைத் தீர்க்காத ஒரு கடை இன்று புதுச் சரக்குக்கு ரொக்கம் கொடுத்திருக்கிறது என்றால் நின்று பார்க்க வேண்டும். கடைக்காரர்கள் பொதுவாக அப்படி நடந்துகொள்வதில்லை. பழையதை அடைத்துவிட்டுத்தான் புதியதைக் கேட்பார்கள். அந்தக் கடையில் இருக்கும் பில் நகலில் 'பணம் பெற்றேன்' என்று எழுதிய தேதியையும் லெட்ஜர் தேதியையும் ஒத்துப் பார்த்தால் விஷயம் வெளியே வந்துவிடும். கடைக்காரர் பணத்தைச் சேல்ஸ்மேனின் சொந்த போன் நம்பருக்கு அனுப்பும் பழக்கமும் இதற்கு வழி திறந்து வைக்கிறது. சிக்னல் இல்லை, ஏஜென்சி கோடு ஸ்கேன் ஆகவில்லை என்று ஒருநாள் ஆரம்பித்தது வழக்கமாகிவிடும்.

எவ்வளவு தேடினாலும் சில குறைவுகள் விடை இல்லாமல் நிற்கும். அன்றைய வேனிலும் சிப்ஸ் இரண்டு பாக்கெட் காணவில்லை, காரணமும் கிடைக்கவில்லை. சேல்ஸ்மேன் சம்பளத்தில் இதைப் பிடிக்கலாமா? 1936-ஆம் ஆண்டுச் சம்பளச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்பும் ஒப்படைத்த சரக்கு தொலைந்தால் பிடித்தம் செய்ய அனுமதிக்கின்றன. ஆனால் அந்த இழப்பு நேராக அவருடைய கவனக்குறைவால் வந்ததாக இருக்க வேண்டும், பிடிக்கும் முன் அவர் விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும், இழப்பின் மதிப்புக்கு மேல் பிடிக்கவும் கூடாது. மாதக் கடைசியில் மொத்தமாக ஒரு தொகையை எழுதி நீட்டினால் அவர் எந்த நாளுக்கு, எந்தக் கடைக்கு விளக்கம் சொல்வார்? அதனால் ஒழுங்கான ஏஜென்சிகளில் அந்த இரண்டு சிப்ஸையும் அன்றைய தேதியிட்டு, லைன் பெயரோடு ஷார்ட் நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுகிறார்கள். மாதம் முழுக்கச் சேர்த்துப் பார்க்கும்போது அதே லைனில், அதே அயிட்டம் திரும்பத் திரும்பக் குறைகிறதா, அல்லது எந்தச் சேல்ஸ்மேன் போனாலும் குறைகிறதா என்று தெரியும். எவர் போனாலும் குறைந்தால் காலையில் குடோனில் ஏற்றும் எண்ணிக்கையைச் சரிபார்க்க வேண்டும்.