வெளிநாட்டுப் படிப்பு: ஒரு வருஷத்துக்கு உண்மையில் எவ்வளவு?

“அவுஸ்திரேலியாவில் பாதிக் கட்டணத்துக்குப் புலமைப்பரிசில் கிடைச்சிருக்கு. வருஷத்துக்கு 32 இலட்சம் இருந்தாப் போதும்” என்று முகவர் சொன்னால், நகையை அடகு வைக்கும் முன் பெற்றோர் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

முகவர் சொல்வது கல்விக் கட்டணம் மட்டும்தான். முழுக் கட்டணம் 32,000 அவுஸ்திரேலிய டொலர் என்று வைத்துக்கொள்வோம். பாதி கழிந்தால் 16,000. டொலருக்கு 200 ரூபா என்று பார்த்தால் 32 இலட்சம் சரிதான். ஆனால் சாப்பாடு, வாடகை, பஸ் செலவு இதில் இல்லை. விசாவுக்கு ஒரு மாணவர் ஒரு வருட வாழ்க்கைச் செலவாக 29,710 டொலர் காட்ட வேண்டும் என்று அந்நாட்டு அரசாங்கம் 2024 மே மாதத்தில் நிர்ணயித்தது. இது விசாவுக்கான அளவு மட்டுமே. சிட்னி போன்ற நகரத்தில் வாடகை கூடினால் செலவு இதையும் தாண்டும்.

அடுத்தது மருத்துவக் காப்புறுதி. மாணவர் விசாவுக்கு இது கட்டாயம். வருடத்துக்கு 700 டொலர் என்று வைப்போம். ஆனால் தங்கும் காலம் முழுவதற்கும் காப்புறுதி இருக்க வேண்டும் என்பதால், மூன்று வருடப் பணத்தையும் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே கட்ட நேரிடும். அப்போது முதல் வருடத்தில் கையிலிருந்து 1,400 டொலர் கூடுதலாகப் போகும்.

மூன்றையும் கூட்டினால் வருடத்துக்கு 46,410 டொலர். 200 ரூபாவால் பெருக்கினால் 92 இலட்சத்து 82 ஆயிரம். பாதிப் புலமைப்பரிசில் என்றால் பாதிச் செலவு என்று நினைக்கிறோம். உண்மையில் மொத்தச் செலவில் ஏறக்குறைய கால்வாசிதான் குறைந்திருக்கிறது.

கணக்கு இன்னும் முடியவில்லை. பத்திரிகையில் போடும் நடு விலைக்கு வங்கி டொலர் தராது. தன் விற்பனை விலைக்கே தரும். அது 206 ரூபா என்றால் 2 இலட்சத்து 78 ஆயிரத்து 460 ரூபா கூடும். ஒவ்வொரு தடவை அனுப்பவும் 5,000 ரூபா கட்டணம் என்றால், நாலு தடவைக்கு 20,000. ஆகமொத்தம் 95 இலட்சத்து 80 ஆயிரத்து 460 ரூபா. விசாக் கட்டணமும் விமானச் சீட்டும் தனி.

வழியில் உள்ள இடை வங்கியும் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். அப்போது பல்கலைக்கழகத்துக்குக் குறைவாகப் போய்ச் சேர்ந்து, “பாக்கி இருக்கு” என்று கடிதம் வரும். அதனால் பணம் அனுப்பும்போதே, எல்லா வங்கிக் கட்டணத்தையும் நாமே கட்டுவதாகப் படிவத்தில் குறிக்கச் சொல்லுங்கள்.

ரூபா விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனது. நம்ம கணக்கில் அவுஸ்திரேலிய டொலர் 10 ரூபா ஏறினாலே வருடத்துக்கு 4 இலட்சத்து 64 ஆயிரத்து 100 ரூபா கூடும். அந்த மேலதிகப் பணம் எங்கிருந்து வரும் என்று எழுத முடியாவிட்டால், கடன் பத்திரத்தில் கையெழுத்து வைக்காதீர்கள்.