வேறொருவரின் கடனுக்கு உங்களுக்குக் கடிதம் வந்தால்

மீளக்குடியமர்ந்த பின் உங்கள் முகவரிக்கு ஒரு சட்டத்தரணியிடமிருந்து கோரிக்கைக் கடிதம் வருகிறது. 2008 ஆம் ஆண்டு வவுனியாவில் முச்சக்கர வண்டிக்குப் பெற்ற லீசிங் கடனில் 3,85,000 ரூபாய் நிலுவை என்றும், 14 நாட்களுக்குள் செலுத்தாவிட்டால் வழக்குத் தொடரப்படும் என்றும் அதில் உள்ளது. பெயர் உங்களுடையதுதான். ஆனால் நீங்கள் அப்படியொரு கடன் எடுக்கவில்லை. 2008 இல் நீங்கள் வன்னிக்குள் இருந்தீர்கள்.

எங்கள் பகுதிகளில் ஒரே முதலெழுத்தும் ஒரே பெயரும் உள்ளவர்கள் பலர். இடப்பெயர்வால் முகவரிகளும் மாறிவிட்டன. ஆகவே கடிதம் ஆள்மாறி வருவது நடக்கக்கூடியதே.

பலர் பயத்தில் "இப்போது வசதியில்லை, கொஞ்சம் தவணை தாருங்கள்" என்று எழுதிவிடுகிறார்கள். சிலர் தொல்லை தீரட்டும் என்று வீட்டுத்திட்டப் பணத்திலிருந்து ஐயாயிரம் ரூபாய் கட்டிவிடுகிறார்கள். இரண்டும் கடன் உங்களுடையது என்று நீங்களே ஏற்றுக்கொண்டதாகக் காட்டப்படலாம். கடிதத்தைப் பேசாமல் வைத்துவிடுவதும் நல்லதல்ல. வியாபாரக் கொடுக்கல் வாங்கலில் பதில் அனுப்பாத மௌனத்தையும் நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராகச் சுட்டிக்காட்ட முடியும்.

முதலில் கடிதத்திலுள்ள தேசிய அடையாள அட்டை இலக்கத்தைப் பாருங்கள். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டைக் குறிக்கும். அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் குறிக்கும். பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். உங்கள் இலக்கம் 68 இலும் அவர்களுடையது 74 இலும் தொடங்கினால், கடன்பட்டவர் 1974 இல் பிறந்த வேறொருவர். கடிதத்தில் இலக்கம் இல்லாவிட்டால் அதைக் கேட்டு எழுத வேண்டும்.

பதிலைத் தமிழிலேயே எழுதலாம். சட்டத்தரணிக்கு முகவரியிட்டு, நிறுவனத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்:

"உங்கள் ……… ஆம் திகதிய, ……… இலக்கக் கடிதம் கிடைத்தது. அதில் கூறப்படும் கடனை நான் பெறவில்லை. எந்த ஒப்பந்தத்திலும் கடனாளியாகவோ பிணையாளியாகவோ நான் கையெழுத்திடவில்லை. ஆகவே இத்தொகைக்கான பொறுப்பை முற்றாக மறுக்கிறேன். எனது அடையாள அட்டை இலக்கம் ………; உங்கள் கடிதத்தில் உள்ள இலக்கம் என்னுடையதல்ல. ஒப்பந்தத் திகதியில் நான் ……… இல் வசித்தேன். கிராம அலுவலரின் உறுதிக் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது. இக்கோரிக்கையை மீளப்பெற்று, 14 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்கவும். கோரிக்கையைத் தொடர்வதாயின், கையெழுத்துடன் கூடிய ஒப்பந்தத்தின் பிரதியை அனுப்பவும்."

இதற்கு மேல் எதுவும் எழுதத் தேவையில்லை. உங்கள் வறுமையையோ இடப்பெயர்வுத் துயரங்களையோ சேர்த்தால், "கடன் என்னுடையதல்ல" என்பது "கட்ட முடியவில்லை" என்பதாக மாறிவிடும். உண்மையான கடனாளி யார் என்று ஊகித்தும் எழுதாதீர்கள். அவரைத் தேடுவது நிறுவனத்தின் வேலை.

மூல ஆவணங்களை அனுப்ப வேண்டாம். அடையாள அட்டைப் பிரதி அனுப்பினால், அதன் குறுக்கே "அடையாளத்தை ஒப்பிட மட்டும்" என்று திகதியுடன் எழுதுங்கள். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டையும் கடிதப் பிரதியையும் ஒன்றாக வைத்திருங்கள். நிறுவன ஊழியர் வீட்டுக்கு வந்தால் இந்தப் பிரதியைக் காட்டுங்கள். எந்தப் படிவத்திலும் கையெழுத்திடாதீர்கள்.

சில வேளைகளில் கடிதத்திலுள்ள இலக்கம் உங்களுடையதாகவே இருக்கும். அப்படியானால் முன்னர் உறவினர் ஒருவருக்குப் பிணை நின்றீர்களா என்று நன்றாக யோசியுங்கள். நின்றிருந்தால் மேலே உள்ள பதில் உங்களுக்குப் பொருந்தாது. சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனை தேவை. நிற்கவில்லையென்றால், தொலைந்த அட்டை தவறாகப் பயன்பட்டிருக்கலாம். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்து, அதன் பிரதியையும் பதிலுடன் இணையுங்கள்.

14 நாட்களில் பதில் வராவிட்டால், முதல் கடிதத்தின் திகதியைக் குறிப்பிட்டு மீண்டும் ஒருமுறை எழுதுங்கள். கோரிக்கை மீளப்பெறப்பட்டால் அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். பின்னர் வங்கியில் கடன் கேட்கும்போது பழைய நிலுவை உங்கள் பெயரில் தெரிந்தால், கடன் தகவல் பணியகத்தின் பதிவைத் திருத்தும்படி கேட்க அதுவே உங்கள் சான்று.

நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணையோ வேறு கட்டளையோ வந்தால் தபாலில் பதில் அனுப்புவது போதாது. அதில் குறித்த திகதியில் நீதிமன்றத்தில் தோன்றாவிட்டால், உங்கள் பக்கத்தைக் கேட்காமலே தீர்ப்பு வழங்கப்படலாம். கடன் மீட்பு வழக்குகளில் அவகாசம் குறைவு. அன்றே எல்லாப் பிரதிகளையும் எடுத்துக்கொண்டு சட்ட உதவி ஆணைக்குழுவின் அருகிலுள்ள அலுவலகத்துக்குச் செல்லுங்கள். குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு அங்கு இலவசமாகச் சட்ட உதவி கிடைக்கும்.