அம்புகளைப் பின்தொடர்ந்தால் சுற்று புரியும்

பாடநூலின் ஒரு பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து வைத்திருக்கிறீர்கள். மேலே ஒரு நீளக் கோடு, அதன் ஓரத்தில் +9 வோல்ட் என்ற எழுத்து. கீழே இன்னொரு நீளக் கோடு. இரண்டுக்கும் இடையில் பல் பல்லாக வளைந்த கோடுகள், இணைகோடுகள், ஒரு முக்கோணம், வட்டத்துக்குள் ஓர் அம்பு. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிந்து, கையை எடுத்த பிறகும் சற்று நேரம் எரிந்து அணையும் சுற்று இது.

இந்த வரைபடத்தில் உறுப்புகள் எங்கே இருக்கின்றன என்பதற்குப் பொருள் இல்லை; எது எதோடு இணைந்திருக்கிறது என்பதே முக்கியம். மேல்கோடு முழுவதும் பேட்டரியின் நேர்முனை, கீழ்க்கோடு முழுவதும் எதிர்முனை. மின்னோட்டம் மேலிருந்து கீழே வருவதாக வைத்துக்கொண்டு படிக்கலாம். கோடுகள் சந்திக்கும் இடத்தில் கரும்புள்ளி இருந்தால் அங்கே இணைப்பு உண்டு. புள்ளி இல்லாமல் ஒன்றையொன்று கடந்து போனால் இணைப்பு இல்லை. கைபேசிப் படத்தில் முதலில் மங்குவது இந்தப் புள்ளிகள்தான். ஆகவே படத்தைப் பெரிதாக்கி அவற்றை முதலில் பாருங்கள்.

இப்போது வலப்பக்கப் பாதை. மேல்கோட்டிலிருந்து 470 ஓம் ரெசிஸ்டர் இறங்குகிறது. பல்வரிசைக் கோடுதான் அதன் குறியீடு. சில நூல்களில் வெறும் செவ்வகமாக இருக்கும். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது அதன் வேலை. அடுத்து டையோடு: முக்கோணமும் அதன் நுனியில் ஒரு குறுக்குக் கோடும். முக்கோணம் காட்டும் திசையில் மட்டுமே மின்னோட்டம் போகும். பக்கத்தில் வெளிநோக்கிய இரு சிறு அம்புகள் இருப்பதால் இது ஒளி தரும் டையோடு, அதாவது எல்.இ.டி. அதன் கீழே டிரான்சிஸ்டர். அதன் மூன்று கால்களில் மேலே இருப்பது கலெக்டர், பக்கவாட்டில் வருவது பேஸ், அம்புக்குறி உள்ளது எமிட்டர். அம்பு வெளிநோக்கி இருந்தால் அது என்.பி.என் வகை, பேஸில் நுழையும் சிறு மின்னோட்டம், கலெக்டரிலிருந்து எமிட்டருக்குப் பெரிய மின்னோட்டத்தைப் போகவிடும்.

இடப்பக்கத்தில் பொத்தான் மேல்கோட்டிலிருந்து ஒரு புள்ளிக்கு வருகிறது. அங்கிருந்து 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் கீழ்க்கோட்டுக்கு இறங்குகிறது. 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று பேஸுக்குப் போகிறது. இரண்டு இணைகோடுகளே கெப்பாசிட்டர். ஒரு கோட்டின் அருகே + குறி இருந்தால், அந்தப் பக்கம் நேர்முனையை நோக்கியே இருக்க வேண்டும். தலைகீழாக வைத்தால் அது சூடாகி உப்பும், வெடிக்கவும் கூடும்.

பொத்தானை அழுத்தியதும் கெப்பாசிட்டர் 9 வோல்ட் வரை நிரம்பும். பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே சுமார் 0.7 வோல்ட் நிற்கும், மீதி 8.3 வோல்ட் 10 கிலோ ஓமின் மேல் விழுவதால் பேஸில் 0.83 மில்லி ஆம்பியர் நுழையும். எல்.இ.டி.க்கு வேண்டியதோ சுமார் 14 மில்லி ஆம்பியர். டிரான்சிஸ்டரின் பெருக்கம் 200 என்று கொண்டால், அதற்குப் பேஸில் 0.07 மில்லி ஆம்பியர் போதும். ஆகவே விளக்கு முழு ஒளியோடு எரியும்.

கையை எடுத்ததும் கெப்பாசிட்டரில் உள்ள மின்னேற்றம் ரெசிஸ்டர் வழியாகப் பேஸில் வடியத் தொடங்கும். 10 கிலோ ஓமையும் 1000 மைக்ரோஃபாரடையும் பெருக்கினால் 10 விநாடி வரும். ஒவ்வொரு 10 விநாடியிலும் பேஸ் மின்னோட்டம் முந்தையதில் ஏறக்குறைய 37 சதவீதமாகக் குறையும்: 0.83, பிறகு 0.3, பிறகு 0.11, பிறகு 0.04. மூன்றாவது பத்து விநாடிக்குள் 0.07-ஐத் தாண்டிக் கீழே போகும்போது விளக்கு மங்கத் தொடங்கும். 10 கிலோ ஓமுக்குப் பதில் 22 கிலோ ஓம் வைத்தால் இந்த நேரம் நீளும். ஆனால் கடிகாரம் போலத் துல்லியத்தை எதிர்பார்க்க வேண்டாம். இவ்வகைக் கெப்பாசிட்டர்களின் உண்மையான அளவு எழுதியதைவிட 20 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். டிரான்சிஸ்டரின் பெருக்கமும் ஒன்றுக்கொன்று வேறுபடும்.

விளக்கு எரியாவிட்டால், பொத்தானை அழுத்தியபடியே மல்டிமீட்டரால் பேஸுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையிலான வோல்ட்டை அளங்கள். 0.7 அருகில் இருந்தால் பேஸ் பக்கம் சரி, எல்.இ.டி. திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். பூஜ்யம் என்றால் பொத்தானிலோ 10 கிலோ ஓம் பாதையிலோ துண்டிப்பு இருக்கலாம். 9-ஐ நெருங்கினால் பேஸிலிருந்து எமிட்டர் வழியே மின்னோட்டம் கீழே இறங்கவில்லை. விளக்கு எரிந்தும், கையை எடுத்தவுடன் சட்டென்று அணைந்தால் கெப்பாசிட்டர் இணையவில்லை.

தொடக்கத்திலிருந்தே மங்கலாக எரிந்தால் கலெக்டரும் எமிட்டரும் இடம் மாறியிருக்கலாம். வரைபடம் காலின் பெயரைச் சொல்லும். கையில் உள்ள உறுப்பில் எந்தக் கால் எது என்று சொல்லாது. பி.சி.547-ன் தட்டையான முகம் நம்மை நோக்கி, கால்கள் கீழ்நோக்கி இருந்தால், இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904-ல் அதே நிலையில் வரிசை தலைகீழ். எனவே டிரான்சிஸ்டரைப் பொருத்தும் முன் அதன் தயாரிப்பாளர் தரும் விவரத்தாளில் கால் வரிசையைப் பார்த்துவிடுங்கள்.