வாடகை குடோனா, சொந்தக் குடோனா? பேலட் கணக்கு சொல்லும் பதில்

தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே குடோன் நிரம்பிவிடும். நடைபாதையில் பேலட், வண்டி நிற்கும் தளத்தில் பேலட், மழை பெய்தால் தார்ப்பாய். ஒவ்வொரு சீசனிலும் முதலாளிக்கு முன் அதே கேள்வி வந்து நிற்கும்: நான்கு மாதத்துக்கு வெளியே இடம் பிடிப்பதா, பின்னால் கிடக்கும் காலி நிலத்தில் ஷெட்டை நீட்டிவிடுவதா?

பெரும்பாலும் இந்தக் கேள்விக்கு விடை ஒற்றை எண்ணில் முடிந்துவிடுகிறது. வெளியில் ஒரு பேலட்டுக்கு மாதம் 450 ரூபாய் கேட்கிறார்கள். சொந்தமாகக் கட்டினால் 320 ரூபாய்க்குள் அடங்குகிறது. அப்படியானால் கட்டுவதுதான் லாபம். இந்த இரண்டு எண்களுமே பாதிக் கணக்குதான். மீதிப் பாதியை ஓர் எடுத்துக்காட்டோடு போட்டுப் பார்ப்போம். தொகைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர் மாறும். கணக்கு போடும் முறை மாறாது.

பெருந்துறைப் பக்கம் மசாலாப் பொடி தயாரிக்கும் ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். குடோனில் 400 பேலட் வைக்கலாம். வருடத்தில் எட்டு மாதம் அது போதும். ஆகஸ்டில் 100 பேலட், செப்டம்பரில் 200, அக்டோபரில் 250, நவம்பரில் 150 என்று வழிகிறது. கூட்டினால் 700. ஒரு பேலட் ஒரு மாதம் இருந்தால் அது ஒரு ‘பேலட் மாதம்’. இந்த நிறுவனத்தின் உண்மையான தேவை 250 இடம் அல்ல, வருடத்துக்கு 700 பேலட் மாதம். இனி எல்லாக் கணக்கும் இந்த 700-ஐ வைத்துத்தான்.

கட்டினால்

உச்ச மாதத்தில் 250 பேலட் வைக்க 250 இடம் கட்டினால் போதாது. குடோன் முழுக்க நிரம்பினால் ஃபோர்க்லிஃப்ட் திரும்ப இடமிருக்காது. பின்னால் இருப்பதை எடுக்க முன்னால் உள்ள மூன்றை நகர்த்த வேண்டும். ரேக்கில் சுமார் 85 சதவீதம் நிரம்பியதுமே வேலை தடுமாறத் தொடங்கிவிடும். ஆகவே 300 இடம் கட்ட வேண்டும்.

பேலட்டின் வழக்கமான அளவு 1200-க்கு 1000 மில்லிமீட்டர், அதாவது சுமார் 13 சதுர அடி. ஆனால் சாதாரண ஃபோர்க்லிஃப்ட் ஓட மூன்றரை மீட்டர் வழி விட வேண்டும். சரக்கு பிரித்துவைக்கும் தளத்தையும் சேர்த்தால் தரையில் ஒரு பேலட் வைக்க 50 சதுர அடி செலவாகும். நான்கு அடுக்கு ரேக் போட்டால் ஓர் இடத்துக்குப் பன்னிரண்டரை சதுர அடி. 300 இடத்துக்கு 3,750 சதுர அடி.

சதுர அடிக்கு 1,600 ரூபாய் என்றால் கட்டடம் 60 லட்சம். ரேக் ஓர் இடத்துக்கு 4,000 வீதம் 12 லட்சம். மொத்தம் 72 லட்சம். நிலம் ஏற்கெனவே கையில் இருப்பதாகக் கொள்வோம். வட்டி 10 சதவீதம் என்றால் வருடத்துக்கு 7.2 லட்சம். கட்டடத்தை 30 வருடத்துக்கும் ரேக்கை 12 வருடத்துக்கும் பிரித்தால் தேய்மானம் 3 லட்சம். காப்பீடு, வரி, விளக்கு, பராமரிப்பு 1.2 லட்சம். ஆக வருடத்துக்கு 11.4 லட்சம்.

இதை 300 இடத்துக்கும் 12 மாதத்துக்கும் வகுத்தால் வருவதுதான் அந்த 317 ரூபாய். ஆனால் எட்டு மாதம் அந்த ஷெட் காலியாகக் கிடக்கும். பயன்படப்போவது 700 பேலட் மாதம் மட்டுமே. அதனால் வகுத்தால் பேலட்டுக்கு மாதம் 1,629 ரூபாய். வீட்டில் வருடத்துக்கு ஒரு விசேஷம் வருகிறது என்பதற்காகக் கல்யாண மண்டபம் கட்டுவது போன்ற செலவு இது.

ஜிஎஸ்டியிலும் ஒரு வித்தியாசம் உண்டு. வாடகை குடோனுக்குக் கட்டும் 18 சதவீத வரியை, வரி உள்ள சரக்கு விற்பவர் உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சொந்தப் பயன்பாட்டுக்குக் கட்டும் கட்டடத்தின் மீதான வரியை ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு தடுத்துவிடுகிறது. அதனால் கட்டடச் செலவில் வரியையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். மேலே உள்ள 1,600 ரூபாய் அப்படிப்பட்டதுதான்.

வாடகைக்கு எடுத்தால்

வாடகை 450 ரூபாய் வீதம் 700 பேலட் மாதத்துக்கு 3.15 லட்சம். இங்கேயே கணக்கை நிறுத்திவிடுபவர்கள் அதிகம். ஆனால் சரக்கு தானாக அங்கே போய்ச் சேராது.

ஒரு பேலட் சராசரியாக ஒரு மாதம் தங்கினால் மொத்தம் 700 பேலட் அங்கே போய்வரும். இறக்குக்கூலி 80, ஏற்றுக்கூலி 80 என்றால் 1.12 லட்சம். 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் குடோனுக்கு 10 பேலட் பிடிக்கும் லாரி நடைக்கு 4,000 என்றால், 70 நடைக்கு 2.8 லட்சம். அங்கே நம் சரக்கைக் கண்காணிக்க ஒரு ஆள், நான்கு மாதத்துக்கு 1 லட்சம். கூட்டினால் 8.07 லட்சம். பேலட்டுக்கு மாதம் 1,153 ரூபாய். 450 என்று சொன்ன வாடகை இரண்டரை மடங்காகிவிட்டது. ஆனாலும் கட்டுவதைவிட மலிவுதான்.

இந்த 8.07 லட்சத்துக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: வெளி குடோனுக்குப் போன சரக்கு அங்கிருந்தே நேராக வாடிக்கையாளருக்குப் போக வேண்டும். பில் போட, மற்ற சரக்கோடு சேர்த்து அனுப்ப என்று அதை மறுபடி தாய்க் குடோனுக்குக் கொண்டுவந்தால் இன்னொரு 70 நடை, இன்னொரு 2.8 லட்சம். செலவு 10.87 லட்சத்தைத் தொடும். பேலட்டுக்கு 1,553 ரூபாய். கட்டும் செலவுக்கும் இதற்கும் இடைவெளி ஏறக்குறைய மறைந்துவிடுகிறது.

ஒப்பந்தத்திலும் இரண்டு வரிகளைக் கவனிக்க வேண்டும். எண்ணிக்கை தினசரி சராசரியா, மாதத்தின் உச்ச நாளா என்பது ஒன்று. குறைந்தபட்ச உத்தரவாதம் எவ்வளவு என்பது இன்னொன்று. நான்கு மாதமும் 250 பேலட்டுக்குக் காசு கொடுத்தே ஆக வேண்டும் என்று எழுதியிருந்தால், 700-க்குப் பதில் 1,000 பேலட் மாதத்துக்கு வாடகை போகும். கூடுதல் 1.35 லட்சம். சரக்கைத் திரும்பக் கொண்டுவருபவருக்கு மொத்தம் 12.22 லட்சமாகி, சொந்த ஷெட்டே மலிவாகிவிடும்.

தாமதம் எங்கே உட்கார்ந்திருக்கிறது

மாலை நான்கு மணிக்கு மதுரை லோடு வண்டி தளத்தில் நிற்கிறது. 14 பேலட் ஆர்டரில் 12 ஏறிவிட்டது. மீதி இரண்டு பேலட் சாம்பார்ப் பொடி வெளி குடோனில் இருக்கிறது. டிரைவர், “அண்ணே, இருக்கிறத வச்சு விட்டுருங்க, நான் கிளம்புறேன்” என்கிறார். விட்டால் அந்த இரண்டு பேலட்டுக்கு நாளை தனி வண்டி. நிறுத்தினால் ஹால்ட் காசு.

அந்த இரண்டு பேலட் வந்துசேர என்னென்ன நடக்க வேண்டும்? வெளி குடோனுக்குத் தகவல் போக வேண்டும். பல இடங்களில் மதியத்துக்கு மேல் வரும் கோரிக்கையை மறுநாள் வேலையில்தான் சேர்ப்பார்கள். சேர்த்துக்கொண்டாலும் அவர்களுடைய மற்ற வாடிக்கையாளர்களின் லோடு முடிய வேண்டும். பிறகு லாரி கிடைக்க வேண்டும், ஏற்ற வேண்டும், சலான் எழுத வேண்டும், 20 கிலோமீட்டர் வர வேண்டும், நம் தளத்தில் வரிசையில் நின்று இறக்க வேண்டும். ஓட்டம் ஒரு மணி நேரம்தான். காத்திருப்புகளைச் சேர்த்தால் அரை நாள். உள்ளே இருந்திருந்தால் இருபது நிமிட வேலை.

காகித வேலையும் நேரம் பிடிக்கும். விற்பனை இல்லாமல் இடம் மாற்றினாலும் டெலிவரி சலான் வேண்டும். தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கென்றால் இ-வே பில் வேண்டும். வெளி குடோனை ஜிஎஸ்டி பதிவில் கூடுதல் வணிக இடமாக முன்கூட்டியே சேர்த்திருக்க வேண்டும். உணவுப் பொருள் என்பதால் அந்த இடத்துக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமமும் இருக்க வேண்டும். சீசன் தொடங்கிய பிறகு இவற்றைத் தேடினால் முதல் இரண்டு வாரம் அதிலேயே போய்விடும்.

அதற்காகச் சொந்தக் குடோனில் தாமதமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 400 இடத்தில் 440 பேலட்டைத் திணித்துக்கொண்டு வாடகையை மிச்சம் பிடிப்பவர்கள், ஒவ்வொரு லோடிலும் பேலட்டைத் தோண்டி எடுக்கும் நேரத்தில் அதை இழக்கிறார்கள். அது எந்த பில்லிலும் வராததால் கண்ணில் படுவதில்லை. பில் போட்ட நேரத்தையும் வண்டி கேட்டைத் தாண்டிய நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்துவந்தால் தெரிந்துவிடும். சரக்கு முழுவதும் உள்ளே இருந்த லோடு, இரண்டு இடத்திலிருந்து சேர்த்த லோடு என இரண்டு பத்தியாக எழுதினால், வெளி குடோனால் எவ்வளவு, நெரிசலால் எவ்வளவு என்று தனித்தனியாகப் பிரிந்து நிற்கும்.

எதை வெளியே அனுப்புவது

தாமதத்தின் பெரும்பகுதி தூரத்தால் வருவதில்லை. தவறான சரக்கை வெளியே அனுப்புவதால் வருகிறது. மெதுவாகப் போகும் சரக்கை வெளியே தள்ளுவதுதான் வழக்கம். அந்தச் சரக்குதான் ஒவ்வோர் ஆர்டரிலும் ஐந்து பெட்டி, பத்துப் பெட்டி என்று தேவைப்படும். ஒவ்வொரு முறையும் வண்டி ஓடும். வெளியே போக வேண்டியது முழு பேலட்டாக, முடிந்தால் முழு லாரியாக ஒரே இடத்துக்குப் போகும் சரக்கு. பெரிய டிப்போவுக்குப் போகும் மிளகாய்த்தூள் அப்படிப்பட்டது. அது போனால் திரும்பாது. அடுத்தது, எந்த நாளில் தேவைப்படும் என்று முன்கூட்டியே தெரிந்த காலி அட்டைப் பெட்டி, பேக்கிங் ரோல்.

தேதி விஷயத்தில் கவனம் வேண்டும். பழைய பேட்ச் வெளியேயும் புதிய பேட்ச் உள்ளேயும் இருந்தால், கைக்கு எட்டுவதைத்தான் அனுப்பத் தோன்றும். நவம்பர் கடைசியில் வெளி குடோனைக் காலி செய்யும்போது காலாவதிக்கு நெருங்கிய பேலட்டுகள் வரிசையாக நிற்கும்.

இத்தனைக்கும் முன்னால் குடோனுக்குள் ஒருமுறை நடந்து பார்ப்பது நல்லது. நின்றுபோன லேபிள், திரும்பி வந்த சரக்கு, உடைந்த பேலட் என்று 60 இடம் அடைந்து கிடந்தால், அதைக் காலி செய்தாலே வழிவது 700-லிருந்து 460 பேலட் மாதமாகக் குறையும். நேராக அனுப்பும் முறையில் வாடகைச் செலவு 5.65 லட்சத்தில் முடியும்.

எப்போது கட்டலாம்

மேலே உள்ள எண்களின்படி, சரக்கைத் தாய்க் குடோனுக்குத் திரும்பக் கொண்டுவந்தே ஆக வேண்டிய தொழிலில், வழிவது வருடத்துக்குச் சுமார் 740 பேலட் மாதத்தைத் தாண்டினால் கட்டுவது லாபம். நேராக அனுப்ப முடிந்தால் சுமார் 1,000 வரை வாடகையே மலிவு. நம் எடுத்துக்காட்டு நிறுவனம் 700-இல் இருக்கிறது, எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில். அது இந்த வருடம் வாடகைக்குப் போகலாம். ஆனால் வழிவது இரண்டு சீசன் தொடர்ந்து ஏறினாலோ, டிசம்பரிலும் ஜூலையிலும்கூட வழியத் தொடங்கினாலோ, கட்டுமானத் திட்டத்தைக் கையில் எடுத்துவிட வேண்டும். அதையும் ஜனவரியிலேயே தொடங்க வேண்டும். வேலை நடக்கும்போது லாரி திரும்பும் இடத்தைக் கம்பியும் மணலும் பிடித்துக்கொள்ளும். அது ஆகஸ்டுக்குள் நகரவில்லையென்றால் அந்தத் தீபாவளிக்கு ஷெட்டுக்கு வட்டியும் கட்டி, வெளி குடோனுக்கு வாடகையும் கட்ட வேண்டியிருக்கும்.